அரிசி மென்ற பெண்ணும் இரண்டு ஏழுகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கடந்த ஜூலை மாதத்தில் ஒரு மாலை அவர் என் கிளினிக்குக்கு வந்தபோது, கையில் ஒரு துணிக்கடைப் பை இருந்தது. அதற்குள் ஒரு ஆய்வக அறிக்கை, ஒரு மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, தைராய்டு மாத்திரை டப்பா, முடி உதிர்வுக்கான ஒரு மாத்திரை அட்டை. வயது 39. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைப்பவர். இரண்டு குழந்தைகள். அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எண்களை மாற்றவில்லை.

"தைராய்டுதான் காரணம் என்றார்கள், டாக்டரம்மா. ஏழு மாதமாக மாத்திரை சாப்பிடுகிறேன். ஒன்றும் மாறவில்லை" என்றார். காலையில் எழுந்திருக்கவே மனம் வருவதில்லை. மெஷின் முன்னால் உட்கார்ந்தால் மதியத்துக்குள் கை ஓய்ந்துவிடுகிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது. எதிலும் பிடிப்பில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது. வீட்டில் மாமியார் இதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்திருந்தார். கணவர் எதுவும் சொல்வதில்லை என்றாலும், அந்த மௌனத்தையும் இவர் ஒரு குற்றச்சாட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.

சோர்வும் மனத்தளர்ச்சியும் சேர்ந்து வரும்போது தைராய்டும் ரத்தசோகையும் இருக்கின்றனவா என்று பார்ப்பது எந்தப் பொது மருத்துவரும் செய்வதுதான். இந்த அம்மாவுக்கும் யாரோ பார்த்திருந்தார்கள். அந்தப் பார்வை எங்கே தவறியது, பிறகு நான் எங்கே தவறினேன் என்ற இரண்டையும் பதிவு செய்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

தேதியைப் பார்த்தபோது

ஆய்வக அறிக்கையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 6.8 என்று இருந்தது. பெரும்பாலான ஆய்வகங்கள் இயல்பு அளவின் மேல் எல்லையாக 4 முதல் 4.5 வரை வைத்திருக்கும்; எனவே இது சற்றுக் கூடுதல். தைராய்டு சுரப்பி தரும் ஹார்மோனான ஃப்ரீ டி4 பார்க்கப்படவில்லை. மறுபரிசோதனையும் இல்லை. அந்த ஒரே எண்ணை வைத்து 25 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் என்ற தைராய்டு மாத்திரை தொடங்கப்பட்டிருந்தது.

எண்ணைவிட எனக்கு உறுத்தியது தேதி. டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நவம்பரில் அவருக்கு டெங்கு வந்து ஆறு நாள் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். வீடு திரும்பிய எட்டாம் நாள், உடம்பு தேறவில்லையே என்று போய் எடுத்த ரத்தம்தான் அந்த 6.8.

கடுமையான காய்ச்சலிலோ தொற்றிலோ உடம்பு தைராய்டின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நோய் விலகும்போது, குறைத்ததை மீட்டெடுக்க மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி டி.எஸ்.எச்.சைச் சில வாரங்களுக்குக் கூடுதலாகச் சுரக்கும். அந்தச் சமயத்தில் அளந்தால் தைராய்டு கெட்டுவிட்டதுபோலத் தெரியும். உண்மையில் அது தேறிக்கொண்டிருப்பதன் அடையாளம். கடுமையான நோய் எதுவும் தீர்ந்து ஆறு முதல் எட்டு வாரம் வரை, வலுவான சந்தேகம் இருந்தாலொழிய, தைராய்டைச் சோதிக்காமல் இருப்பது இதனால்தான்.

அதே டிஸ்சார்ஜ் சீட்டில் ஹீமோகுளோபின் 11.4 என்று இருந்தது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 11.4 என்றால் 'கொஞ்சம் குறைவு, பரவாயில்லை' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் டெங்குவில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிந்து ரத்தம் கெட்டிப்படும். பாயசம் சுண்டினால் ஒரு கரண்டியில் அதிக ஜவ்வரிசி வருவதுபோல, அப்போது எடுக்கும் ஹீமோகுளோபின் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும்.

ஆக அவர் கையில் இருந்த இரண்டு எண்களும் ஆய்வகத்தில் சரியாகவே அளக்கப்பட்டவை. இரண்டும் தவறான வாரத்தில் எடுக்கப்பட்டவை. ஒன்று இல்லாத நோயைக் காட்டியது, மற்றொன்று இருந்த நோயை மறைத்தது.

கேட்டதும் கண்டதும்

பரிசோதனைச் சீட்டு எழுதும் முன் நாடியைப் பிடித்தேன். நிமிடத்துக்கு 98. தைராய்டு குறைவாகச் சுரக்கும் உடம்பில் நாடி பெரும்பாலும் மெதுவாக ஓடும். தோல் வறண்டு, குரல் கரகரத்து, கண் இமைகள் வீங்கி, குளிர் தாங்காமல், மலச்சிக்கலோடு வருவார்கள். குதிகால் தசைநாணைச் சுத்தியலால் தட்டினால் பாதம் சட்டென்று கீழே போகும், ஆனால் திரும்பி வரும்போது தயங்கித் தயங்கி வரும். ஒருமுறை கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்தத் தயக்கம் மறக்காது. இவருக்கு இவை எதுவும் இல்லை. பாதம் போன வேகத்திலேயே திரும்பியது. கழுத்தில் வீக்கமில்லை.

கீழ் இமையை இழுத்துப் பார்த்தபோது, உள்பக்கம் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் ஊறவைத்த அவல்போல வெளுத்திருந்தது. நகங்கள் தட்டையாகி, ஓரம் பொரிந்து போயிருந்தன.

"மாதவிலக்கு எப்படி?" என்றேன். "எல்லாருக்கும் போலத்தான்" என்றார். இந்தப் பதிலை நான் நம்புவதில்லை. பொய் சொல்கிறார்கள் என்பதனால் அல்ல. ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் மற்றொருவருடைய ரத்தப்போக்கு தெரியாது என்பதனால். எண்ணிச் சொல்லும்படி கேட்டால்தான் உண்மை வரும். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றுகிறீர்கள்? முதல் மூன்று நாட்கள் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்று. கம்பெனியில் அடிக்கடி எழுந்துபோக முடியாததால் இரண்டு வைத்துக்கொண்டு உட்காருவேன் என்றார். கட்டியாகப் போகிறதா? போகிறது, சில நேரம் எலுமிச்சை அளவுக்கு. எத்தனை நாள்? எட்டு. எப்போதிலிருந்து? மூன்று வருடமாக. "என் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது" என்றார்.

அடுத்த கேள்வியைக் கேட்கும்போது பலர் சிரித்துவிடுவார்கள்: "சாப்பாடு இல்லாத எதையாவது சாப்பிடத் தோன்றுகிறதா?" அவர் சிரிக்கவில்லை. பையின் அடியிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். பாதி அளவுக்குப் பச்சரிசி. "மெஷின் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். மெல்லாமல் இருக்க முடியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை." அரிசி, பல்பம், திருநீறு, செங்கல் தூள், ஐஸ் கட்டி என்று நம் ஊர்ப் பெண்கள் ஒளித்துச் சாப்பிடும் பொருள்கள் பல. இந்த வேட்கைக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதற்கு உடலில் என்ன காரணம் என்பது முழுதாக விளங்கவில்லை. ஆனால் இப்படி ஒரு பொருளை விடாமல் மெல்லும் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தால், ஆய்வக அறிக்கை வரும் முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது என்று பொருள்.

மனநிலைக்கு பி.எச்.கியூ-9 வினாத்தாளைப் பயன்படுத்தினேன். ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரங்களில் எவ்வளவு தொல்லை என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் மனச்சோர்வு நோய் இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு தீர விசாரிக்க வேண்டும். அவருக்கு 14 வந்தது.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதைத் தாளில் டிக் அடித்துவிட்டுப் போக விடக் கூடாது, வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டேன். "சாக வேண்டும் என்று இல்லை. விடியாமலே இருந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று தோன்றும்" என்றார். திட்டமோ முயற்சியோ இல்லை. குழந்தைகளைப் பற்றிப் பேசும்போது குரல் மாறியது. கணவரை உள்ளே அழைத்து, அவர் முன்னாலேயே இதைப் பேசி, எந்த நேரமும் பேசக்கூடிய 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை இருவருக்கும் எழுதிக் கொடுத்தேன்.

எந்தப் பரிசோதனைகள்

'மாஸ்டர் செக்கப்' எடுத்துவிடலாமா என்று கணவர் கேட்டார். வேண்டாம் என்றேன். ஆய்வகத்தின் 'இயல்பு' எல்லை என்பது ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேர் அடங்கும்படி வைக்கப்படுவது. அதனால் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகளை எடுத்தால், எந்த நோயும் இல்லாதவருக்குக்கூட ஏதாவது ஒன்று எல்லை தாண்டியிருக்க ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. அப்படிச் சிக்கும் ஒரு எண் சோர்வின் காரணமாக ஆக்கப்பட்டு, அதற்கு மாத்திரை எழுதப்பட்டு, அசல் காரணம் இன்னும் ஏழு மாதம் தள்ளிப்போகும். இவருக்கு அதுதான் ஏற்கெனவே நடந்திருந்தது.

நான் எழுதியவை: முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4, ரத்தச் சர்க்கரை, கிரியாட்டினின், பி12. முடிக்கான மாத்திரையில் பயோட்டின் என்ற வைட்டமின் அதிகம் இருந்தது. சில ஆய்வகக் கருவிகளில் அது தைராய்டு அளவுகளைப் பொய்யாகக் காட்டும் என்பதால், அதை நிறுத்தி மூன்று நாள் கழித்து ரத்தம் கொடுக்கச் சொன்னேன்.

ஹீமோகுளோபின் 8.6. சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி. 67, அது 80க்கு மேல் இருக்க வேண்டும். ஃபெரிட்டின் 5. சர்க்கரை, சிறுநீரகம், பி12 ஆகியவை சரியாக இருந்தன. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த நிலையில் டி.எஸ்.எச். 2.9, ஃப்ரீ டி4 இயல்பு.

சிவப்பணு சிறுத்திருந்தால் நம் நாட்டில் இரண்டு சந்தேகங்கள் எழ வேண்டும்: இரும்புச்சத்துக் குறைவு, பரம்பரையாக வரும் தலசீமியாவின் மென்மையான வடிவம். இரண்டாவதற்கு இரும்பு கொடுத்துப் பயனில்லை. முதல் வடிகட்டலுக்கு ஒரு எளிய வகுத்தல் உண்டு. எம்.சி.வி.யை, மில்லியன் கணக்கில் சொல்லும் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்து, 13க்கு மேல் வந்தால் இரும்புக் குறைவு, கீழே வந்தால் தலசீமியா என்று சாயும். இவருக்கு 67ஐ 4.3ஆல் வகுக்க 15.6 வந்தது. இது ஒரு சாய்வை மட்டுமே காட்டும். முடிவைச் சொன்னது ஃபெரிட்டின்.

ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண். வீட்டுக் குதிரில் எவ்வளவு நெல் மிச்சம் என்பதைப் போல. 15க்குக் கீழே போனால் குதிர் காலி. 30க்குக் கீழேயே நாங்கள் குறைவு என்று எடுத்துக்கொள்கிறோம். ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும் முன்பே இது இறங்கிவிடும். அதனால் ஹீமோகுளோபின் 12.5 இருந்தும் சோர்ந்து விழும் பெண்ணுக்கு இதைப் பார்ப்பது வீண் செலவாகாது. ஆனால் காய்ச்சலிலும் அழற்சியிலும் ஃபெரிட்டின் தானாக ஏறும், டெங்குவில் மிகவும் ஏறும். நவம்பரில் இதைப் பார்த்திருந்தால், காலிக் குதிர் நிரம்பி வழிவதாகக் காட்டியிருக்கும்.

எண் கிடைத்தது, விடை கிடைத்ததா?

இங்கேதான் நான் நின்று யோசித்திருக்க வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 சுற்றில், 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இருக்கும் ஒன்று, மனம் சோர்ந்து வரும் பெண்ணிடமும் இருப்பது வியப்பில்லை. அவர் மனம் நன்றாக இருந்திருந்தாலும் அது இருந்திருக்கலாம். ஆக, ரத்தசோகையைக் கண்டுபிடித்தது மனச்சோர்வின் காரணத்தைக் கண்டுபிடித்ததாக ஆகிவிடாது. காரணமா என்பதை ஒரே ஒரு வழியில்தான் அறிய முடியும்: அதைச் சரிசெய்து, மனம் அதன் பின்னாலேயே வருகிறதா என்று பார்ப்பது.

8.6 என்ற ஹீமோகுளோபின் படபடப்பையும் மூச்சிரைப்பையும் கை ஓய்வதையும் விளக்கப் போதுமானது. அழுகையை, பிடிப்பின்மையை, விடியாமல் இருந்தால் போதும் என்ற நினைப்பை விளக்கப் போதுமா? நான் போதும் என்று எடுத்துக்கொண்டேன். "ரத்தம் இல்லாததுதான் காரணம். ரத்தம் ஏறினால் மனமும் தெளிந்துவிடும்" என்று சொன்னேன். ஏழு மாதமாகச் சோம்பேறிப் பட்டம் சுமந்தவரிடம் அப்படிச் சொல்வதில் எனக்கும் மகிழ்ச்சி இருந்தது. அவர் முகமும் மலர்ந்தது. அந்த வாக்கியத்தின் விலை எட்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

சிகிச்சை நேரானது. தைராய்டில் கோளாறு இல்லை என்று உறுதி செய்ய, லெவோதைராக்சினை நிறுத்தினேன். எட்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்பதென்று தேதி எழுதினேன். இரும்பு மாத்திரை நாளுக்கு ஒன்று. ஐந்தாம் நாளே வயிற்று எரிச்சலும் மலச்சிக்கலும் என்று போனில் அழைத்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடச் சொன்னேன். இது வெறும் சமாதானத்துக்காகச் சொன்னதல்ல. ஒரு வேளை இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற பொருளைச் சுரந்து குடலின் கதவை ஏறத்தாழ ஒரு நாள் சாத்திவிடுகிறது. அடுத்த நாளே கொடுக்கும் மாத்திரையில் குறைந்த பங்குதான் உள்ளே போகிறது. மிச்சம் வயிற்றைத்தான் புண்படுத்துகிறது. மலம் கருப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பாதிப் பேர் அன்றே நிறுத்திவிடுவார்கள்.

அவருக்கு உண்மையில் சிக்கலாக இருந்தது டீ. கம்பெனியில் பத்தரைக்கு ஒன்று, சாப்பாட்டோடு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். டீயை விடச் சொன்னால் கேட்க மாட்டார், விடச் சொல்லவும் தேவையில்லை. மாத்திரையை விடிகாலை எழுந்ததும் எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொள்ளவும், சாப்பாட்டோடு குடிக்கும் டீயை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளவும் ஏற்பாடு செய்தோம்.

ஓட்டையை அடைக்காமல் குடத்தில் நீர் ஊற்ற முடியாது. ஸ்கேனில் கருப்பையின் சுவருக்குள் 3 சென்டிமீட்டர் ஃபைப்ராய்டு கட்டி தெரிந்தது. கருப்பையின் உள்ளறை சிதையவில்லை. 'கருப்பையை எடுத்துவிடலாம்' என்று யாரேனும் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அவர் மூன்று வருடம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். மகப்பேறு மருத்துவர் போக்கு அதிகமுள்ள நாட்களுக்கு டிரானெக்சாமிக் அமிலம் கொடுத்து, ஐந்தாம் வாரத்தில் ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனத்தைப் பொருத்தினார். கருப்பை போகவில்லை. (மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ, எந்த வயது ஆணுக்கோ ஃபெரிட்டின் 5 வந்தால் கதை வேறு. அங்கே வயிற்றிலும் குடலிலும் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று எண்டோஸ்கோப்பி வரை போய்த் தேட வேண்டும். அதைத் தேடாமல் இரும்பு மட்டும் கொடுப்பது, புற்றுநோயாக இருந்தால் அதை மறைத்துவைப்பதாகும்.)

எட்டாம் வாரம்

இரண்டு வாரத்துக்குள் அரிசி டப்பா தானாக மறைந்தது. "எடுத்து வாயில் போட்டேன், வெறும் அரிசியாக இருந்தது" என்றார். நான்காம் வாரம் ஹீமோகுளோபின் 9.8. ஒரு மாதத்தில் ஒரு கிராமுக்கு மேல் ஏறினால் மருந்து வேலை செய்கிறது, நோய்க் கணிப்பும் சரி என்று பொருள். வினாத்தாளில் 14 என்பது 11 ஆகியிருந்தது. நல்லது என்று எழுதிக்கொண்டேன்.

எட்டாம் வாரம் ஹீமோகுளோபின் 11.1. மாத்திரை இல்லாமலேயே டி.எஸ்.எச். 3.6, ஃப்ரீ டி4 இயல்பு. தைராய்டைத் தாக்கும் எதிர்ப்பொருளும் ரத்தத்தில் இல்லை. தைராய்டு இந்தக் கதையில் இல்லவே இல்லை என்று உறுதியானது. வினாத்தாளில் 9. பத்துக்குக் கீழே. படியேற முடிகிறது, இரவு ஷிப்ட்கூடப் பார்க்க முடிகிறது என்றார். நான் சிரித்துக்கொண்டே தாளை மூடப் போனேன்.

"டாக்டரம்மா, ரத்தம் ஏறிவிட்டது என்கிறீர்கள். எனக்கு ஏன் இன்னும் சரியாகவில்லை? அப்படியென்றால் தப்பு என்னிடம்தானே?"

தாளை மறுபடி திறந்தேன். இந்த முறை கூட்டுத்தொகையை விட்டு, வரிவரியாகப் பார்த்தேன். ஒன்பது கேள்விகளில் ஐந்து உடம்பைப் பற்றியவை: தூக்கம், களைப்பு, பசி, கவனம், மந்தம். ரத்தசோகையோ தைராய்டோ தனியாகவே இந்த ஐந்தையும் கெடுக்க முடியும். மற்ற நான்கு: ஆர்வமின்மை, மனத்தளர்ச்சி, தன்னைத்தானே குற்றம் சொல்லிக்கொள்வது, சாவு நினைப்பு. முதல் நாளில் அவருடைய 14இல் உடம்பின் பங்கு 7, மனத்தின் பங்கு 7. எட்டாம் வாரத்தின் 9இல் உடம்பின் பங்கு 2. மனத்தின் பங்கு அதே 7. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை.

இரும்பு தன் வேலையை முழுதாகச் செய்திருந்தது. மனச்சோர்வு வேறொன்றாக, இரும்பின் நிழலில் ஒதுங்கி நின்றிருந்தது. முதல் நாளே இந்த இரண்டு ஏழுகளையும் தனித்தனியாகக் கூட்டியிருந்தால் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்திருக்கும். நான்காம் வாரத்திலேயே தெரிந்திருக்கும். நான் செய்த பெரிய தவறு அந்த வாக்கியம். 'ரத்தம் ஏறினால் மனம் தெளியும்' என்று சொன்னதால், ரத்தம் ஏறியும் தெளியாத மனம் அவருடைய சொந்தக் குற்றமாகிவிட்டது. சோம்பல் என்ற பட்டத்தை அகற்றப் போய், அதற்கு ஆய்வக முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன்.

அன்று கேட்டேன், முதல் நாள் கேட்டிருக்க வேண்டியதை: இந்த ஒரு வருடத்தில் வீட்டில் யாராவது தவறினார்களா? அவருடைய அம்மா, டெங்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்னால். சரக்கு அனுப்பும் அவசரத்தில் இரவு ஷிப்டில் இருந்திருக்கிறார். போன் பைக்குள் இருந்திருக்கிறது. "கடைசியாக ஒரு சொட்டுப் பால் ஊற்ற நான் இல்லை." அதற்குப் பிறகு வெகுநேரம் இருவரும் பேசவில்லை.

மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் வாரம் ஒருநாள் வரும் அரசு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தேன். அதில் மாதவிலக்கு விவரத்தையும் ஹீமோகுளோபினையும் எழுதினேன். மனச்சோர்வுக்குப் பொதுவாக முதலில் கொடுக்கப்படும் செர்ட்ரலின் போன்ற மருந்துகள் ரத்தத் தட்டணுக்களின் ஒட்டும் தன்மையைக் குறைத்து, ரத்தப்போக்கைச் சற்றுக் கூட்டக்கூடும். போக்கு இன்னும் அடங்காத பெண்ணுக்கு எழுதுபவர் அதைத் தெரிந்து எழுத வேண்டும். அதற்குள் கருப்பைச் சாதனம் வேலை செய்யத் தொடங்கியிருந்ததால், அந்த மனநல மருத்துவர் செர்ட்ரலினைக் குறைந்த அளவில் தொடங்கி 50 மில்லிகிராமுக்கு உயர்த்தினார். ஆலோசகர் ஒருவர் வாரம் ஒருமுறை அம்மாவைப் பற்றிப் பேச வைத்தார்.

தைராய்டுதான் காரணம் என்றால் எப்படி இருக்கும்

தைராய்டை எளிதாகத் தள்ளிவிட்டதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பெண்மணி, 54 வயது, பேச்சே குறைந்து, மூலையில் உட்கார்ந்தபடி வீட்டாரால் அழைத்துவரப்பட்டார். நாடி 54. தொலைபேசியில் அவர் குரலை அக்காவே ஆண் குரல் என்று நினைத்திருக்கிறார். டி.எஸ்.எச். 80ஐத் தாண்டியிருந்தது, ஃப்ரீ டி4 இயல்பில் கால் பங்குகூட இல்லை. லெவோதைராக்சின் சிறிய அளவில் தொடங்கி, ஆறு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து உயர்த்தியதில் நான்கு மாதத்தில் உடம்பும் மனமும் சேர்ந்தே திரும்பின. மனச்சோர்வு மருந்து ஒன்றும் தேவைப்படவில்லை. அவருக்கும் லேசான ரத்தசோகை இருந்ததால் இரும்பும் கொடுத்தேன். ஆனால் தைராய்டு மாத்திரைக்கும் அதற்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி விட்டே கொடுத்தேன். சேர்த்து விழுங்கினால் இரும்பு தைராய்டு மருந்தைக் கட்டிவிடும்.

டி.எஸ்.எச். 80 எங்கே, 6.8 எங்கே. பத்துக்குக் கீழே, ஃப்ரீ டி4 இயல்பாக இருக்கும்போது, அந்த எண் மனச்சோர்வின் காரணமாக இருப்பது அரிது. 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்த ஒரு பெரிய சோதனை 2017இல் வெளியானது. டி.எஸ்.எச். லேசாகக் கூடியிருந்த அவர்களில் பாதிப் பேருக்கு லெவோதைராக்சினும் மீதிப் பேருக்கு வெறும் மாத்திரையும் கொடுத்தார்கள். எண் இறங்கியது; களைப்பு இரு பக்கமும் ஒன்றாகவே இருந்தது. இளையவர்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்கு முயல்பவர்களுக்கும் விதிகள் வேறு. ஆனால் எல்லையோர எண் வந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து ஃப்ரீ டி4ஓடு மறுபடி பார்க்காமல் வாழ்நாள் மாத்திரை தொடங்க அது ஒரு காரணமாகாது.

ஆறாம் மாதம்

நான்காம் மாதத்தில் ஹீமோகுளோபின் 12.3, ஃபெரிட்டின் 34. இரும்பை அத்தோடு நிறுத்தவில்லை. ஹீமோகுளோபின் இயல்பான பிறகும் மூன்று மாதம் கொடுத்தால்தான் குதிர் நிரம்பும். ஆறாம் மாதம் வினாத்தாளில் 3: மனத்தின் பங்கு 2, உடம்பின் பங்கு 1. சாவு நினைப்புக்கு எதிரே பூஜ்யம். அதை மட்டும் நான் வாய்விட்டு மறுபடி கேட்டேன். "இப்போது விடிந்தால் பரவாயில்லை" என்றார். செர்ட்ரலினை மேலும் ஆறு மாதமாவது தொடர்வதென்றும், ஒரு வருடத்தில் ஒருமுறை டி.எஸ்.எச். பார்ப்பதென்றும் எழுதி வைத்தோம்.

அன்று மகளையும் கூட்டிவந்திருந்தார். பத்தாம் வகுப்பு. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்பு மாத்திரையை, வயிறு வலிக்கிறதென்று தூக்கிப் போட்டுவிடுகிறாள் என்றார். எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்றுகிறாய் என்று அந்தப் பெண்ணிடம் நான் கேட்கத் தொடங்கும் முன்பே, அம்மா அவளுடைய கீழ் இமையைக் கட்டை விரலால் இழுத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார்.